ஹாய் அண்ணா, அப்புறம்?

அலுவலக சாட்டில் என் பெயருக்குக் கீழே மூன்று வருடமாக nohello.net என்ற முகவரி இருந்தது. போன தை மாதம் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தைப் பார்க்காதவர்களுக்கு: வெறும் ஹலோ அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், வணக்கத்தையும் கேள்வியையும் ஒரே செய்தியில் போடுங்கள் என்று இரண்டு மாதிரி உரையாடல்களைக் காட்டிச் சொல்லும் பக்கம் அது. சொல்லும் விஷயத்தில் தப்பே இல்லை. அதை நான் பயன்படுத்திய விதத்தில்தான் தப்பு.

நான் டேட்டாபேஸ் சப்போர்ட்டில் இருக்கிறேன். சோழிங்கநல்லூரில் அலுவலகம், வாடிக்கையாளர் டல்லாஸில். எங்கள் டீமைச் சேர்ந்த ஒருவர் அங்கே ஆன்சைட்டில் இருக்கிறார். நல்ல மனிதர், வேலையிலும் கெட்டி. ஆனால் எதற்கும் முதலில் ஒரு "ஹாய்" போட்டுவிட்டுக் காத்திருப்பார். பக்கத்து சீட்டில் இருப்பவர் இப்படிச் செய்தால் ஐந்து நிமிடம் வீணாகும், அவ்வளவுதான். டல்லாஸிலிருந்து செய்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

கோடையில் நமக்கும் டல்லாஸுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அவர் திங்கள் மதியம் 3 மணிக்கு "ஹாய்" அனுப்புகிறார். நமக்கு அப்போது செவ்வாய் அதிகாலை 1:30. காலை 9:30-க்கு நான் வந்து பார்த்து "சொல்லுங்க" என்கிறேன். அங்கே இரவு 11 மணி, அவர் தூங்கிவிட்டார். அவர் அலுவலகம் வந்து "நேத்து ஜாப்ல ஒரு சின்ன டவுட்" என்று எழுதும்போது இங்கே மாலை 7:30. நான் கம்பெனி பஸ்ஸில் இருக்கிறேன். புதன் காலை வந்து "எந்த ஜாப்?" என்கிறேன். அதற்குப் பதில் புதன் இரவு வருகிறது, நான் பார்ப்பது வியாழன் காலை 9:30. ஆக, கேள்வி என்னவென்று எனக்குத் தெரியவே 56 மணி நேரம். வேலையோ ஐந்து நிமிட வேலை. முதல் செய்தியிலேயே ஜாப் பெயரும் எரர் வரியும் இருந்திருந்தால் அவர் தூங்கி எழுவதற்குள் முடித்துவைத்திருப்பேன்.

இந்தக் கணக்கைப் பார்த்த கோபத்தில்தான் அந்த முகவரியைப் பெயருக்குக் கீழே மாட்டினேன். போகப் போக இன்னும் ஒரு படி மேலே போய், யார் வெறும் ஹாய் அனுப்பினாலும் பதிலுக்கு அந்த முகவரியையே ஒட்டி அனுப்ப ஆரம்பித்தேன். திருத்துகிறோம் என்ற பெருமிதம் வேறு.

தை மாதம் நடந்தது இது. எங்கள் டீமில் எட்டு மாதத்துக்கு முன் சேர்ந்த ஒரு தம்பி. விருதுநகர் பக்கம். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு "ஹாய் அண்ணா" என்று அனுப்பினார். நான் ஒரு ரீஸ்டோரில் மும்முரமாக இருந்தேன். வழக்கம்போல முகவரியை ஒட்டினேன். "சாரி அண்ணா" என்று வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு போன். மாதாந்திர லோட், அதாவது மாதத்துக்கு ஒருமுறை டேட்டாவை மொத்தமாக ஏற்றும் வேலை, பாதியில் விழுந்துவிட்டது. எரர் ORA-01653. டேபிள் வளர வேண்டும், ஆனால் அதன் டேபிள்ஸ்பேஸில், அதாவது அந்த டேபிளின் டேட்டாவை வைக்க ஒதுக்கிய ஃபைல்களில், இடமில்லை என்று பொருள். திறந்து பார்த்தால், ஃபைல் தானாக வளரும்படி ஆட்டோஎக்ஸ்டெண்ட் போட்டுத்தான் இருக்கிறது. ஆனால் 8 கேபி பிளாக் வைத்திருக்கும் டேட்டாபேஸில் சாதாரண டேட்டாஃபைல் ஒன்று சுமார் 32 ஜிபி வரைதான் வளரும். அந்தக் கூரையில் தலை இடித்து நின்றிருந்தது. இன்னொரு ஃபைல் சேர்க்க ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை வெள்ளி மாலை போட்டிருந்தால் ஞாயிறு மதியம் வரை லோடைத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை டீக்கடையில் அந்தத் தம்பியே ஆரம்பித்தார். வெள்ளி காலை கண்காணிப்பு மெயிலில் அந்த டேபிள்ஸ்பேஸ் 97 சதவீதம் என்று பார்த்திருக்கிறார். ஆட்டோஎக்ஸ்டெண்டும் இருப்பதைப் பார்த்திருக்கிறார். அப்படியானால் 97 என்பது பயப்பட வேண்டிய எண்ணா, தானாக வளர்ந்துவிடுமா என்று குழப்பம்.

"ஏன் தம்பி, அதைக் கேட்டிருக்கலாமே?"

"கேள்வியே சரிதானான்னு தெரியலண்ணா. நீங்க ஃப்ரீயா இருந்தா பேச்சுவாக்குல கேட்டுக்கலாம்னு பாத்தேன்."

இந்தப் 'பேச்சுவாக்கு' என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. என்னைப் பொறுத்தவரை ஹாய் என்பது சோம்பல். கேள்வியை ஒழுங்காக எழுதச் சோம்பல்பட்டு அனுப்புவது. அவருக்கு அது வேறு. எழுதி அனுப்பிவிட்டால் அது ஒரு கேள்வியாகிவிடும். முட்டாள்தனமான கேள்வி என்றால் சாட்டில் அப்படியே நிற்கும், யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். நான் எதிரில் இருக்கிறேன் என்று தெரிந்தால் மெல்ல நூல் விட்டுப் பார்க்கலாம். என் முதல் பதிலின் தொனியைப் பார்த்து, கேட்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். ஹாய் என்பது அவர் ஆழம் பார்க்க விட்ட கால்.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். எம்மானுவேல் ஷெக்லாஃப் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1968-இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். தொலைபேசி உரையாடல்கள் எப்படித் தொடங்குகின்றன என்பது பற்றி. ஒரு காவல் நிலையத்துக்கு வந்த, அங்கிருந்து போன சுமார் 500 அழைப்புகளின் பதிவுகளை வைத்துக்கொண்டு, எடுப்பவர்தான் முதலில் பேசுகிறார் என்ற எளிய விதியை எழுதினார். எல்லாம் ஒத்துப்போயின, ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் காவலர் போன் போடுகிறார், எதிர்முனையில் ரிசீவரை எடுக்கிறார்கள், ஒரு விநாடி சத்தமே இல்லை. உடனே போட்டவரே "ஹலோ" என்கிறார். அதற்குப் பிறகே எதிர்முனை பேசுகிறது.

500-இல் ஒன்றுதானே என்று தள்ளிவிடாமல், அந்த ஒன்றை வைத்து அவர் விதியையே மாற்றி எழுதினார். போன் மணி அடிப்பது ஓர் அழைப்பு. எடுத்தவர் சொல்லும் ஹலோ வணக்கம் இல்லை, அந்த அழைப்புக்கான பதில். பதில் வராதபோது போட்டவர் சொன்ன ஹலோவும் வணக்கம் இல்லை. அது இன்னொரு முறை அடித்த மணி.

படித்ததும் எனக்கு வீட்டு ஞாபகம்தான் வந்தது. என் மகள் அடுத்த அறையிலிருந்து "அப்பா" என்பாள். அது வணக்கமா? "என்னம்மா" என்று நான் சொல்லும் வரை அடுத்த சொல் வராது. நான் "என்னம்மா" என்று சொல்லிவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது, மாட்டிக்கொண்டேன். ஷெக்லாஃபும் இதைத்தான் சொல்கிறார்: அழைப்பும் பதிலும் சேர்ந்தால் பேச்சு அங்கேயே முடியக் கூடாது. கூப்பிட்டவர் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், பதில் சொன்னவர் கேட்டாக வேண்டும். நாம் போனை எடுத்து ஹலோவுக்குப் பதிலாக நேரே "சொல்லுங்க" என்கிறோமே, உண்மையில் இந்த முழு ஒப்பந்தத்தையும் ஒரே சொல்லில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்.

ஆக, வெறும் ஹாய் ஒரு மணியோசை. நேரில் அது ஒரு விநாடியில் முடியும். போனில் அரை நிமிடம் அடித்து நின்றுவிடும். சாட்டில் மட்டும் நிற்பதே இல்லை. நான் பார்க்கும் வரை, பார்த்துப் பதில் சொல்லும் வரை அடித்துக்கொண்டே இருக்கிறது. வாசலில் "சார்..." என்று குரல் கொடுத்தவரை உள்ளே வா என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல் எட்டு மணி நேரம் நிறுத்திவைத்த மாதிரி. எரிச்சல் இரண்டு பக்கமும் வருவது இதனால்தான்.

கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பது ஒரு காலத்தில் கணினியிலும் நல்ல பழக்கமாகத்தான் இருந்திருக்கிறது. யுனிக்ஸில் `write` என்று ஒரு கட்டளை உண்டு. அதே கணினியில் உள்நுழைந்திருக்கும் இன்னொருவரின் திரைக்கு நேராகச் செய்தி அனுப்புவது. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் கையேட்டில் அதற்கு ஒரு நடைமுறையும் பரிந்துரைத்திருந்தார்கள்: முதலில் அவருக்கு எழுதத் தொடங்கியதும், அவர் திரும்ப எழுதும் வரை காத்திருங்கள், பிறகு விஷயத்தை அனுப்புங்கள். காரணம் இருந்தது. நாம் அடிப்பது அவர் செய்துகொண்டிருக்கும் வேலையின் நடுவில் போய் விழும். அவர் அங்கே இல்லாவிட்டால் சேமித்துவைக்கவும் ஆள் இல்லை. இன்றைய சாட் எல்லாவற்றையும் சேமித்துவைக்கிறது. கதவைத் தட்டவே வேண்டாம், வாசலில் வைத்துவிட்டுப் போகலாம். நம் கைதான் இன்னும் கதவைத் தட்டுகிறது.

இதில் வேடிக்கை, நம்மிடம் கடிதத்துக்கு வேறு பழக்கம் இருந்தது. "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி அடுத்த வரியிலேயே நாற்று நட்டதையும் பணம் வேண்டியதையும் எழுதினார்கள். நலம் கேட்டு மட்டும் ஓர் இன்லாண்ட் லெட்டர் போட்டுவிட்டு, பதில் வந்த பிறகு விஷயத்தை எழுதலாம் என்று யாரும் இருந்ததில்லை. சாட் எழுத்தில் நடப்பதால் கடிதம். உடனே பதில் வருவதால் பேச்சு. ஹாய் அனுப்புகிறவர்கள் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்கிறார்கள், நான் கடிதமாக எடுத்துக்கொண்டேன்.

பேச்சாக எடுத்துக்கொள்ள அவர்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது. "ஒரு பத்தாயிரம் கிடைக்குமா?" என்று எழுதி அனுப்பி, நீல டிக் விழுந்து, பதில் வரவில்லை என்றால் அது மறுப்பு. முகத்தில் அடித்த மறுப்பு. வெறும் "ஹாய்"க்கு நீல டிக் விழுந்து பதில் வராவிட்டால் ஒன்றும் போய்விடவில்லை. நாளை நேரில் பார்க்கும்போது "சும்மாதான் மெசேஜ் பண்ணேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். சம்பளம், வேலையை விடுவது, மேலாளர் மீது புகார், வீட்டுப் பிரச்சினை, இதெல்லாம் எழுத்தில் இருக்கவே கூடாது என்று நினைப்பவர்களும் ஹாயோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது பதிலை அல்ல, நம் போனை.

இப்போது, எப்படிப் பதில் சொல்வது. நான் செய்துபார்த்ததைச் சொல்கிறேன்.

பதிலுக்கு "ஹாய்" என்று மட்டும் அனுப்புவது இருப்பதிலேயே மோசம். மணிக்கு மணி அடித்ததுபோல. "சொல்லுங்க" கொஞ்சம் தேவலை, ஆனால் அதில் ஒரு சிக்கல். அதை அனுப்பிய நொடியிலிருந்து நாம் காத்திருக்க வேண்டும். அவர் டைப் அடிக்கிறார் என்று மூன்று புள்ளிகள் துள்ளும், நிற்கும், மறுபடி துள்ளும். செய்துகொண்டிருந்த வேலையும் போச்சு. முகவரியை ஒட்டி அனுப்புவதைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் அனுப்பியிருக்க வேண்டியது இப்படி இருந்திருக்கலாம்:

"சொல்லுங்க தம்பி. ஒரு ரீஸ்டோர்ல இருக்கேன், நாலேமுக்காலுக்கு ஃப்ரீ ஆயிடுவேன். அதுக்குள்ள மனசுல இருக்கறத அப்படியே போட்டு வைங்க, அரைகுறையா இருந்தாலும் பரவால்ல. ஸ்கிரீன்ஷாட் இருந்தா அதுவும். பேசணும்னா சொல்லுங்க, கூப்புடறேன்."

நீளமாகத் தெரிகிறது, ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. "சொல்லுங்க" என்றதும் மணியோசை நிற்கிறது. கூப்பிட்டது கேட்டுவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது. நேரம் சொல்லிவிட்டதால் நான் காத்திருக்க வேண்டியதில்லை, அவரும் வாசலில் நிற்கவில்லை. 'அரைகுறையா இருந்தாலும் பரவால்ல' என்பதுதான் முக்கியமானது. பேச்சுவாக்கில் கேட்க நினைத்தவருக்கு எழுத்திலேயே பேச்சுவாக்கு கிடைத்துவிடுகிறது. கடைசி வாக்கியம், எழுத முடியாத விஷயம் வைத்திருப்பவருக்காக. நூறு பேரில் பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படாது. தேவைப்படுகிறவர் அதை மட்டும்தான் படிப்பார். அந்த நேரத்தைச் சொல்லிவிட்டு நாலேமுக்காலுக்குப் போய்ப் பார்க்காமல் விட்டால் மட்டும் எல்லாம் வீண். அடுத்த முறை அவர் ஹாயோடு நின்றுவிடுவார், நியாயமாகவே.

டல்லாஸ்காரருக்கு இந்தப் பதில் போதாது, அங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நாள் விலை. அதனால் அவர் அடுத்து என்ன சொல்வார், அதற்கு நான் என்ன கேட்பேன் என்று யூகித்து, மூன்று சுற்றையும் ஒரே பதிலில் திணிக்கிறேன். "ராத்திரி லோட் ஜாப் பத்தியா? அப்படின்னா ஜாப் பேரு, எரர் வந்த வரி, எத்தனை மணிக்கு விழுந்துச்சு, மூணும் அனுப்புங்க. வேற விஷயம்னா ரெண்டு வரி எழுதிடுங்க. என் காலை 9:30-க்கு முதல் வேலையா பாக்கறேன்." யூகம் தப்பாக இருந்தாலும் நஷ்டமில்லை. தப்பான யூகத்தைத் திருத்துவதற்காகவாவது ஆட்கள் சட்டென்று எழுதிவிடுவார்கள், "இல்ல இல்ல, இது பேக்கப் பத்தி" என்று.

மேலதிகாரியிடமிருந்து வரும் ஹாய் வேறு ரகம். பாதி நேரம் அது, ஆள் சீட்டில் இருக்கிறானா என்று பார்ப்பது. "இருக்கேன் சார், சொல்லுங்க" என்பதற்கு மேல் அதில் ஆராய ஒன்றுமில்லை. "ஃப்ரீயா இருக்கீங்களா?" என்று வந்தால்தான் கவனம் வேண்டும். ஃப்ரீ என்றால் வேலை வந்து விழும், இல்லை என்றால் பொய்யாகிவிடலாம். "அஞ்சு மணி வரைக்கும் ஒரு வேலை இருக்கு சார், அவசரம்னா இப்பவே பாக்கறேன், என்ன விஷயம் சார்?" என்பது என் வாடிக்கை.

வாட்ஸப்பில் பன்னிரண்டு வருடம் கழித்துப் பள்ளித் தோழன் "டேய்" என்று அனுப்பினால் அலுவலகப் பதில் செல்லாது. "விஷயத்தை எழுதி வை, மாலை பார்க்கிறேன்" என்றால் செருப்பால் அடித்த மாதிரி. பத்திரிகை வைக்க வந்தவர்கூட உட்கார்ந்து காபி குடித்து, ஊர் நிலவரம் பேசிவிட்டுத்தானே தட்டை எடுக்கிறார். அங்கே கொஞ்சம் நம் வீட்டுச் செய்தி சொல்லி, கடைசியில் "என்னடா திடீர்னு?" என்று ஒரு வாசல் திறந்துவைத்தால் போதும். தமிழில் 'என்ன திடீர்னு' என்பதற்கு இணையான திறவுகோல் இல்லை. கல்யாணம், கடன், இன்சூரன்ஸ் மூன்றில் எதுவானாலும் அதன் வழியாக வெளியே வந்துவிடும். நிஜமாகவே சும்மா கேட்டவனுக்கும் அது வலிக்காது. பெரியம்மா தினமும் காலை ஆறு மணிக்கு அனுப்பும் ரோஜாப்பூ வணக்கத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது; அது மணியோசை இல்லை, அதுவே முழுச் செய்தி. பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டால் முடிந்தது.

தெரியாத எண்ணிலிருந்து வெறும் "ஹாய்" அல்லது "ஹலோ, எப்படி இருக்கீங்க" என்று வந்தால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். தவறான எண்ணுக்கு வந்ததுபோல் நடித்துப் பழகி, பிறகு முதலீடு, வேலை என்று பணம் பறிப்பவர்கள் தொடங்குவது இப்படித்தான். நாம் பதில் சொன்னால், இந்த எண்ணில் ஆள் இருக்கிறார், பேசுவார் என்பது அவர்களுக்கு உறுதியாகும். உண்மையில் நம்மைத் தேடுபவர் என்றால் அடுத்த செய்தியில் தன் பெயரைச் சொல்வார். சொல்லாதவரை பிளாக் செய்து ரிப்போர்ட் செய்துவிடலாம். பணம் போய்விட்டது என்றால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் போட வேண்டும். இந்த ஓர் இடத்தில் மட்டும் சும்மா இருப்பதே பதில்.

விருதுநகர்த் தம்பி இன்னும் "ஹாய் அண்ணா" என்று தனியாகத்தான் அனுப்புகிறார். முன்பெல்லாம் அதோடு நிற்கும். இப்போது நாலைந்து நிமிடத்தில் மீதியும் வந்துவிடுகிறது, ஸ்கிரீன்ஷாட்டோடு. அவருக்கு டைப் அடிக்க அவ்வளவு நேரம் ஆகிறது. அந்த நாலைந்து நிமிடம் நான் சாட்டைத் திறப்பதில்லை.

டல்லாஸ்காரர் மாறவில்லை. என் யூகங்களுக்குப் பதிலாக "யெஸ்" என்று ஒரு சொல் அனுப்பிவிட்டு மறுபடி காத்திருப்பார். அதனால் மாலை 7:30-க்கு, பஸ் துரைப்பாக்கம் தாண்டும்போது, நானே அவருக்குப் போன் போட்டுவிடுகிறேன். எடுத்ததும் அவர் சொல்லும் முதல் சொல் "ஹலோ". நான் "சொல்லுங்க" என்றதும், மூன்று நாள் விஷயம் இரண்டு நிமிடத்தில் கொட்டிவிடும்.